ஐந்து நட்சத்திர ஃபேன்: விளம்பரம் சொல்லும் மிச்சம் வீட்டுக்கு வருமா?

கேள்வி: ‘எங்கள் வீட்டில் மூன்று சீலிங் ஃபேன்கள் ஓடுகின்றன. எல்லாமே பத்து வருடத்துக்கு முன்பு வாங்கியவை. கடையில் கொடுத்த நோட்டீஸில், ஐந்து நட்சத்திர பி.எல்.டி.சி ஃபேன் மாட்டினால் 65 சதவிகிதம் மின்சாரம் மிச்சம், ஒரு ஃபேனுக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் லாபம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு ஃபேன் 3,000 ரூபாய். மூன்றையும் மாற்றிவிடலாமா? இந்தக் கணக்கை நம்பலாமா?’

- வாசகர், கேளம்பாக்கம்

பதில்: நோட்டீஸில் இருக்கும் கணக்கு பொய்யில்லை. ஆனால், அது இந்த வாசகரின் வீட்டுக்குப் போட்ட கணக்கும் இல்லை. ஃபேனில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள், வீட்டில் இருக்கும் கரன்ட் பில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஃபேனை மாற்றலாம், எதை அப்படியே விடலாம் என்பது தெரிந்துவிடும்.

முதலில், 1,500 ரூபாய் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பழைய சாதாரண ஃபேன், முழு வேகத்தில் 75 முதல் 80 வாட்ஸ் வரை எடுக்கும். பி.எல்.டி.சி ஃபேன் 28 வாட்ஸ் அளவில் எடுக்கும். 80-ல் 28 போனால் 52 வாட்ஸ். இதுதான் அந்த 65 சதவிகிதம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 365 நாளும் முழு வேகத்தில் ஓடினால், சுமார் 304 யூனிட் மிச்சமாகும். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 1,518 ரூபாய். ஆக, நோட்டீஸில் உள்ள தொகை வர வேண்டுமென்றால் ஃபேன் மார்கழிக் குளிரிலும் 16 மணி நேரம் சுற்ற வேண்டும். இப்படிப்பட்ட விவரங்களை பெரும்பாலும் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எத்தனை மணி நேரம், யூனிட் என்ன விலை, எந்த ஃபேனோடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றையும் அங்கே தேட வேண்டும். மூன்றும் இல்லையென்றால், அந்தத் தொகையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

அடுத்தது லேபிள். நட்சத்திர லேபிள் கொடுப்பது மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம். பி.இ.இ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சீலிங் ஃபேனுக்கு இந்த லேபிள் முன்பு கட்டாயமில்லை. விருப்பப்பட்ட நிறுவனங்கள் மட்டும் வாங்கி ஒட்டின. 2023 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்டது. அப்போது நட்சத்திரம் கொடுக்கும் அளவுகோலும் கடுமையாக்கப்பட்டது.

ஃபேன் லேபிளில் நட்சத்திரத்தை எண்ணுவதைவிட, ‘சர்வீஸ் வேல்யூ’ என்ற எண்ணைப் பார்ப்பதுதான் முக்கியம். ஒரு வாட்ஸ் மின்சாரத்துக்கு, ஒரு நிமிடத்தில் எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதுதான் அது. மாட்டுக்குத் தீவனம் போட்டு, பாலைக் கறந்து அளப்பது போலத்தான் இதுவும். எவ்வளவு தின்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு கறக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வாட்ஸைக் குறைத்து, காற்றையும் குறைத்துவிட்ட ஃபேனால் யாருக்கும் பயனில்லை.

வீடுகளில் வழக்கமாக மாட்டும் 48 அங்குல ஃபேனுக்கு, அதாவது 1,200 மில்லி மீட்டர் ஃபேனுக்கு, இப்போதைய கணக்கு இதுதான். சர்வீஸ் வேல்யூ 4 இருந்தால் ஒரு நட்சத்திரம். 4.5 என்றால் இரண்டு, 5 என்றால் மூன்று, 5.5 என்றால் நான்கு. 6 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஐந்து நட்சத்திரம். இதைவிடச் சிறிய ஃபேன்களுக்கு அளவு வேறு.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய அளவுகோலில், சர்வீஸ் வேல்யூ 4 இருந்தாலே ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. அதாவது, அன்றைக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஃபேன், இன்றைக்கு ஒரு நட்சத்திரத்துக்குத்தான் தேறும். தேங்கிப்போன பழைய சரக்கு, தள்ளுபடி விலையில் விற்பனைக்கு வந்தால், ஐந்து நட்சத்திரத்தைக் காட்டியே விற்றுவிட முடியும். கண்டுபிடிப்பது சுலபம். 48 அங்குல ஃபேனின் லேபிளில் ஐந்து நட்சத்திரமும், சர்வீஸ் வேல்யூ 4 அல்லது 5 என்ற அளவிலும் இருந்தால், அது பழைய லேபிள். லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டும் அதையே சொல்லும்.

விளம்பரத்தில் சொல்லும் வாட்ஸ் சரிதானா என்பதையும் அதே லேபிளிலிருந்து சோதிக்கலாம். லேபிளில் காற்றின் அளவு, ‘ஏர் டெலிவரி’ என்று போட்டிருக்கும். அதை சர்வீஸ் வேல்யூவால் வகுத்தால் வாட்ஸ் வந்துவிடும். காற்று 210, சர்வீஸ் வேல்யூ 7.5 என்றால், 28 வாட்ஸ். நோட்டீஸோடு ஒத்துப்போகிறது. அதே 210 காற்றுக்கு சர்வீஸ் வேல்யூ 6 என்றால், 35 வாட்ஸ். இரண்டுமே ஐந்து நட்சத்திரம்தான், ஆனால் ஒன்றல்ல. ‘28 வாட்ஸ்’ என்று நோட்டீஸில் இருந்து, லேபிள் கணக்கில் 35 வந்தால், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

இப்போது வீட்டுக் கணக்குக்கு வருவோம். இந்த வாசகர் வீட்டில், கூடத்து ஃபேன் ஒரு நாளைக்குச் சராசரியாக 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பழைய ஃபேன் 75 வாட்ஸ், புதியது 28 வாட்ஸ். வித்தியாசம் 47 வாட்ஸ். 47-ஐ 10-ஆல் பெருக்கி, 300-ஆல் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் 141 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 705 ரூபாய். நோட்டீஸ் சொன்னதில் பாதிகூட இல்லை. ஆனாலும், 3,000 ரூபாய் முதல் நாலேகால் வருடத்தில் திரும்பிவிடும். கூடத்து ஃபேனை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

அதே ஃபேனை, தினமும் இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் மட்டும் ஓடும் பின்னறையில் மாட்டினால் மிச்சம் 19 யூனிட்தான். ஆண்டுக்கு 95 ரூபாய். போட்ட பணம் திரும்ப 30 வருடங்களுக்கு மேல் ஆகும். நல்ல நிலையில் ஓடும் அந்த ஃபேனைக் கழற்ற வேண்டியதில்லை.

பழைய ஃபேன் எரிந்துபோய், எப்படியும் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கணக்கு வேறு. விளம்பரங்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. ஒப்பிடுவது பழைய 80 வாட்ஸ் ஃபேனோடு. ஆனால், இன்றைக்கு லேபிளோடு வரும் மிகக் குறைந்த ஒரு நட்சத்திர ஃபேனே, 210 காற்றுக்கு 52 வாட்ஸ் அளவில்தான் எடுக்கும். ஆகவே, புதிதாக வாங்குபவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 24 வாட்ஸ்தான். கூடத்துக் கணக்கில் ஆண்டுக்கு 72 யூனிட், 360 ரூபாய். விலை வித்தியாசம் 1,200 ரூபாய் என்றால், மூன்று வருடம் நான்கு மாதத்தில் திரும்பும். அதிக நேரம் ஓடும் இடத்துக்கு இதுவும் லாபம்தான். 65 சதவிகிதம் என்ற பேச்சு மட்டும் இங்கே பொருந்தாது.

கடைசியாக, யூனிட் விலை. மேலே 5 ரூபாய் என்று போட்டது கணக்குச் சுலபமாக இருப்பதற்காகத்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 101-லிருந்து 200 வரை உள்ள அடுக்கில் கட்டணம் குறைவு. அதற்கு மேலே போகப்போக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ் அடுக்குக்கான கட்டணமும் கூடிவிடும். மிச்சமாகும் யூனிட் எப்போதும் பில்லின் உச்சியிலிருந்துதான் கழியும். அதனால், பழைய பில்லை எடுத்து, கடைசி அடுக்கில் யூனிட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, 5 ரூபாய்க்குப் பதில் அதைப் போட வேண்டும்.

கூடத்து ஃபேன் மிச்சப்படுத்தும் 141 யூனிட், ஒரு பில்லுக்கு 23 யூனிட் அளவில் வரும். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் மட்டும் செலவாகும் வீட்டில், இந்த 23 யூனிட்டால் ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை. 110 யூனிட் ஆகும் வீட்டில், இலவசத்துக்கு மேலே உள்ள 10 யூனிட்டுக்கு மட்டுமே லாபம். 510 யூனிட் ஆகும் வீட்டிலோ, 500-க்குக் கீழே இறங்கிவிடுவதால், கணக்கில் வருவதைவிடக் கூடுதலாகவே குறையும். ஒரே ஃபேன், ஒரே லேபிள். வீட்டுக்கு வீடு பலன் மாறுவது இதனால்தான்.

லேபிளில் உள்ள எண்கள் முழு வேகத்தில் அளந்தவை என்பதும் நினைவிருக்கட்டும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மெதுவாக ஓடும் பழைய ஃபேன், 75 வாட்ஸைவிடக் குறைவாகத்தான் எடுக்கும். அங்கே மிச்சமும் குறையும். பி.எல்.டி.சி ஃபேனைப் பழைய ரெகுலேட்டரோடு இணைக்கவும் கூடாது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி ரெகுலேட்டரைத் தவிர்த்து நேராக இணைப்புக் கொடுக்க வேண்டும்.

லேபிளே உண்மையானதா என்ற சந்தேகம் வந்தால், கடையில் நிற்கும்போதே செல்போனில் www.beestarlabel.com தளத்தில் நிறுவனத்தின் பெயரையும் மாடலையும் தேடிப் பார்க்கலாம். பட்டியலில் உள்ள நட்சத்திரமும், பெட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியில் நட்சத்திரப் படம் போட்டு ‘பவர் சேவிங்’ என்று எழுதியிருப்பது லேபிள் ஆகாது. ஐ.எஸ்.ஐ முத்திரையும் நட்சத்திர லேபிளும் வேறு வேறு.

வாங்கும்போது பில்லில் மாடல் எண்ணை எழுதச் சொல்லி வாங்குவதும், அந்த நோட்டீஸைப் பத்திரப்படுத்துவதும் நல்லது. விளம்பரத்தில் சொன்னதும் லேபிளும் ஒத்துப்போகவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

கேளம்பாக்கம் வாசகரைப் பொறுத்தவரை, அவருடைய பில் 200 யூனிட்டுக்கு மேல் வருகிறது என்றால், கூடத்து ஃபேனை இப்போதே மாற்றலாம். மற்ற இரண்டில் இரவு முழுக்க ஓடுவது இருந்தால் அது அடுத்தது. பின்னறை ஃபேன், ஓடும் வரை ஓடட்டும்.