பார்த்ததும் ஏற்றதும்

மதுரையைச் சுற்றிய சமவெளியில், கப்பலூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் முதல் இலந்தைக்குளத்துத் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வரையில், எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரே மனஸ்தாபம் இரண்டு குரல்களில் கேட்கிறது. "அண்ணே, காலையிலேயே மெசேஜ் போட்டுட்டேன், நீங்க பார்க்கலையா?" என்பது ஒரு குரல், "ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமேப்பா" என்பது மற்றொன்று. இதனை வேகத்துக்கும் நிதானத்துக்கும் இடையே நடக்கும் வழக்காகச் சொல்லுவோர் பலர். என் அபிப்பிராயம் வேறு. ஒரு காரியத்தின் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எந்தக் கணத்தில் மாறுகிறது என்பதில்தான் இவ்விரு தலைமுறையினருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை.

நூல் ஆலையிலிருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 40ஆம் நம்பர் நூலில் நெசவுக்கான பாவு நூல் உண்டு, பின்னலுக்கான பனியன் நூலும் உண்டு. பருமன் ஒன்றேயாயினும், பாவு நூலுக்கு முறுக்கு அதிகம், பனியன் நூலுக்குக் குறைவு. முறுக்கு மிகுந்த நூலைத் திருப்பூரில் பின்னினால் துணி முரடாகிக் கோணிக்கொள்ளும். விற்பனைப் பிரிவில் உள்ள இளைஞர் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில், "40 பாவு, 30 மூட்டை, இன்று லோடு" என்று இட்டுவிட்டு, சில நிமிஷங்களில் தம் பிழையை உணர்ந்து, "பாவு" என்பதைப் "பனியன்" என்று திருத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடோன் பொறுப்பாளரோ, முப்பது வருஷ அனுபவமுள்ளவர், எடைமேடை அருகே நின்றுகொண்டு முதற்செய்தியைப் பார்த்தவுடனே சட்டைப் பையிலிருந்த சீட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பதிந்த செய்தியைத் திருத்தும் வசதி 2023ஆம் வருஷம் மே மாதத்தில் வந்தது; அனுப்பிய 15 நிமிஷங்களுக்குள் திருத்தலாம்; ஆனால் திருத்தத்துக்காகக் கைப்பேசி மறுபடியும் ஒலிப்பதில்லை. மாலையில் லாரி புறப்படுகிறது, மறுநாள் திருப்பூரிலிருந்து போன் வருகிறது, போகவர வாடகை நஷ்டமாகிறது. திரையில் இப்போது இருப்பது "பனியன்" என்ற சொல்தான். சீட்டில் இருப்பது "பாவு". இருவரும் சத்தியமே பேசுகிறார்கள். இருவரிடமும் எழுத்துபூர்வமான சாட்சியம் இருக்கிறது.

இந்த இடத்தில் இளைஞர்கள் நீலக் குறியைக் காட்டுவது வழக்கம். 2014ஆம் வருஷம் நவம்பர் முதல் வழக்கிலிருக்கும் அந்த இரட்டைக் குறி எதை நிரூபிக்கிறது என்பதைச் சற்றே சிரத்தையுடன் நோக்க வேண்டும். தனிச்செய்தியில், பெற்றவர் உரையாடலைத் திறந்தார் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லுவதில்லை. குழுவிலோ, உறுப்பினர் அனைவரும் திறந்த பிறகே அது நீலமாகும். இருபது பேர் உள்ள குழுவில் ஒருவர் விடுப்பில் போயிருந்தாலும், பத்தொன்பது பேர் படித்திருந்தும் குறி நிறம் மாறாது. மாறாக, பூட்டிய திரையின் மேல் மிதந்து வந்த வரியை மட்டும் படித்துவிட்டு ஒருவர் வேலையைத் தொடங்கிவிட்டால், அவர் படித்ததற்கான அடையாளமே இராது. நமது குடோன் பொறுப்பாளர் செய்தது அதுதான். ஆகையால் பார்த்தார் என்பதற்கே அக்குறி அரைகுறைச் சாட்சி. புரிந்துகொண்டார், ஏற்றுக்கொண்டார் என்பவற்றுக்கு அது சாட்சியே அன்று.

பார்த்தலுக்கும் ஏற்றலுக்கும் இடையேயுள்ள இந்த இடைவெளி, நியாயஸ்தலம் வரையில் சென்றதொரு விவகாரம் கனடா தேசத்தில் உண்டு. சஸ்காச்சுவான் மாகாணத்தில் தானியம் கொள்முதல் செய்யும் நிறுவனத்தின் பிரதிநிதி, 2021ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு விவசாயியுடன் போனில் பேசிவிட்டு, 86 டன் ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தைத் தம் கையொப்பத்துடன் படமெடுத்து, உறுதிசெய்யுமாறு கேட்டுக் குறுஞ்செய்தியாக அனுப்பினார். விவசாயி பதிலாகக் கட்டைவிரல் உயர்த்திய சின்னத்தை அனுப்பினார். சரக்கு வரவில்லை, விலையோ ஏறிவிட்டது. ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்பதையே தாம் தெரிவித்ததாக விவசாயி வாதிட்டார். முன்னைய ஒப்பந்தங்களிலும் இவ்வாறே ஓரிரு சொற்களில் பதிலளித்துவிட்டு அவர் சரக்கு அனுப்பியிருந்ததைச் சுட்டிக்காட்டி, அச்சின்னம் சம்மதமே என்று 2023 ஜூன் மாதத்தில் தீர்ப்பாயிற்று. சுமார் 82,000 கனடிய டாலர் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. சின்னத்துக்குத் தனக்கென்று ஒரு பொருள் இல்லை, அவ்விருவருக்கும் இடையே நிலவிய பழக்கமே அதற்குப் பொருள் தந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வயதினருக்கும் ஐம்பத்தைந்து வயதினருக்கும் இடையே அத்தகைய பழக்கம் இன்னும் ஏற்படவில்லை. அதனால்தான் ஒருவர் இடும் கட்டைவிரல் "முடித்துவிடுகிறேன்" என்றும், அதே சின்னம் மற்றவருக்குப் "பார்த்தேன்" என்றும் ஆகிறது.

பெரியவர்கள் போனை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. "சரி" என்ற சொல்லை ஒருவர் இழுத்துச் சொல்லுவதிலேயே அவருக்கு ஐயம் இருப்பது விளங்கிவிடும், "எந்த 40, தம்பி?" என்று அந்தக் கணமே கேட்டுவிடலாம். ஆனால் பேச்சு முடிந்ததும் அதன் சுவடு ஒன்றும் மிஞ்சுவதில்லை. எந்திரச் சத்தத்தினிடையே பதினேழும் பதினெட்டும் ஒன்றாகவே கேட்கும். தவறு நேர்ந்த பின்பு "போனில்தான் சொன்னேனே" என்னும் பெரியவரின் சொல்லுக்கு எதிராக இளையவரிடம் ஆதாரம் ஏதுமில்லை. செய்தியை இளையவர்கள் நாடுவதற்குச் சோம்பல் காரணம் என்று சொல்லுவது பெரும்பாலும் அநியாயம். பதவியில் தாழ்ந்தவர்களுக்கு எழுத்து ஒரு பாதுகாப்பு. மின்னஞ்சலில் பெறுநர் பெயரும் பொருளும் தேதியும் உண்டாயினும், பொது மேசைக் கணினியில் மாலையில் ஒருமுறை திறந்து பார்க்கும் ஆலைகளில் அன்றைய லோடுக்கு அது உதவாது.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். தந்தி வழங்கிய காலத்தில் வியாபாரிகள் விலையையும் அளவையும் நாலு சொற்களில் அடித்துவிட்டு, அன்றைத் தபாலிலேயே அத்தந்தியை உறுதிசெய்து விவரமான கடிதமும் எழுதினார்கள். வேகத்துக்குத் தந்தி, பொறுப்புக்குக் கடிதம். நம் ஆட்சியர் அலுவலகங்களிலோ, வந்த தபால் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அதைக் கவனிக்க வேண்டிய எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏற்றினார்கள். யார் கையில் தாள் இருக்கிறதோ அவர் பெயர் அங்கே இருந்தது. 2013ஆம் வருஷம் ஜூலையில் தந்தி நின்றது. கடிதத்தின் வேலையை நாம் வேறொன்றிடமும் ஒப்படைக்கவில்லை.

அதை ஒப்படைப்பது கடினமன்று. சரக்கு, தொகை, தேதி ஆகிய மூன்றில் ஒன்றேனும் உள்ள உத்தரவைக் குழுவில் பொதுவாக இடாமல், செய்ய வேண்டியவரின் பெயரைச் சொல்லி அவருக்கே அனுப்பலாம். அவரும் சின்னம் இடாமல், "40 பனியன், 30 மூட்டை, இன்று மாலை" என்று தாம் புரிந்துகொண்டதைத் திருப்பி எழுதலாம். அனுப்பிய உத்தரவைத் திருத்தவே கூடாது. பிழையைக் கண்டால் புதுச்செய்தி அனுப்பி, உடனே போனும் செய்ய வேண்டும். போனில் பேசித் தீர்த்ததைப் பெரியவரே ஒரு வரியில் எழுதி அனுப்ப வேண்டும். தட்டச்சு கைவராதென்றால் குரற்பதிவாகவேனும் அனுப்பலாம். இவற்றில் கடைசி விதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் நடைமுறையில் மாற வேண்டியவர்கள் இளையவர்கள் மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். மேலதிகாரிகளாக இருக்கும் வாசகர்கள் தயவுசெய்து நாளைக் காலையில் தங்கள் அலுவலகக் குழுவைத் திறந்து, கடைசியாக வந்த பத்து உத்தரவுகளில் எத்தனையில் ஒருவருடைய பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.