இந்த வாக்கியம் உண்மையானால் நிலா வெல்லத்தால் ஆனது

பிள்ளைகளே, தலைப்பை விளையாட்டென்று தள்ளிவிடாதீர்கள். 1942-இல் ஹாஸ்கெல் கறி (சாப்பிடும் கறி அல்ல, அமெரிக்கத் தர்க்க அறிஞர்) காட்டிய புதிர் இது.

அந்த வாக்கியம் உண்மை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது சொல்வதும் சரி: 'இது உண்மையானால் நிலா வெல்லம்'. உண்மை என்றுதான் வைத்துக்கொண்டோமே, அதனால் நிலா வெல்லம். ஆக, 'உண்மையானால் நிலா வெல்லம்' என்று நிரூபித்துவிட்டோம். வாக்கியம் சொல்வதும் அதையேதான்! எனவே அது உண்மை. எனவே நிலா வெல்லமேதான்.

வெல்லத்துக்குப் பதில் 1 = 2 என்று போட்டாலும் இதே வழியில் நிரூபணமாகும். எதையும் நிரூபிக்கும் அமைப்பில் நிரூபணத்துக்கு என்ன மதிப்பு?

'நான் சொல்வது பொய்' என்ற பழைய புதிரைவிட இது பொல்லாதது என்பேன். அதில் 'இல்லை' ஒளிந்திருக்கிறது. அதன் விதியைத் தளர்த்திச் சமாளிக்கலாம். இங்கே 'இல்லை'யே இல்லை. வைத்துக்கொண்டதை இரண்டு முறை பயன்படுத்தினோம், அதைத் தடுக்கலாம் என்கிறார்கள் சிலர். தடுத்தால் சாதாரண நிரூபணங்களும் நொண்டும். ஒரு மொழி தன் வாக்கியங்களின் உண்மையைத் தானே பேசக்கூடாது, மேலே இன்னொரு மொழி வேண்டும் என்ற டார்ஸ்கியின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. கணிதம் அதற்கு அடங்கும். நம் பேச்சுத் தமிழ் அடங்காது, தலைப்பைப் பாருங்கள்.