டொக்டருக்கு ஒரு குறிப்பு

மருதானையில் ஒரு தாய், டொக்டருக்கு எழுதிய துண்டைக் காட்டினார்: "மகனுக்கு ஐந்து மாதம். வலது விதை பையில் தட்டுப்படவில்லை." வாயால் சொல்ல வெட்கமாம். எழுதியது நல்லதே. இன்னும் இரண்டு விபரம் சேர்க்கச் சொன்னேன்: குறைமாதப் பிள்ளையா? இளஞ்சூட்டு நீரில் குளிக்கும்போது விதை பைக்குள் இறங்குகிறதா?

குளிரில் ஏறி, சூட்டில் இறங்கினால் பெரும்பாலும் பயமில்லை. ஆண்டுக்கொருமுறை காட்டினால் போதும். குறைமாதப் பிள்ளைக்கு இறங்கக் கூடுதல் காலம் எடுக்கும். மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பின் தானாக இறங்குவது அரிது. உடற்சூட்டிலேயே கிடக்கும் விதை பழுதாகும். ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்வது நல்லது. "வளர வளரச் சரிவரும்" என்பார் மாமியார். காத்திருக்க வேண்டாம், பொரளை சிறுவர் வைத்தியசாலை பக்கத்தில்தானே. கவட்டுப் பக்கம் வீங்கி, பிள்ளை விடாமல் அழுதால் உடனே கொண்டு போங்கள்.