நேர்காணலுக்குப் பிறகு ஏன் இந்த மௌனம்?

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், விண்ணப்பம் வாங்கிய கையோடு ஒரு கால அட்டவணையை அனுப்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. தேர்வு என்றைக்கு, நேர்காணல் என்றைக்கு, முடிவு என்றைக்குத் தெரியும் என்று எல்லாவற்றுக்கும் தேதி போட்டு. ஒரு ஆலையின் பர்சனல் டிபார்ட்மெண்டில் பல வருஷம் காலம் தள்ளியவன் நான். அதனால் இது வாயால் சொல்வதுபோல அத்தனை சுலபமில்லை என்பதும் தெரியும்.

மத்திய தேர்வாணையம் (யுபிஎஸ்சி) ஒவ்வோர் ஆண்டுக்கும் முன்கூட்டியே ஒரு நாட்காட்டி வெளியிடுகிறது. அறிவிக்கை வரும் நாள், விண்ணப்பிக்கக் கடைசி நாள், தேர்வு தொடங்கும் நாள் எல்லாம் அதில் இருக்கும். இறுதி முடிவு வரும் நாள் இருக்காது. பையன்கள் தூக்கம் கெட்டுத் தவிப்பது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

போன வருஷம் நண்பர் ஒருவரின் மகளுக்கு, கோவையில் ஒரு பம்பு தயாரிக்கும் கம்பெனியிலிருந்து வந்த செய்தியைப் பார்த்தேன். கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலை. எழுத்துத் தேர்வு செப்டம்பர் 20, சனிக்கிழமை. அதன் முடிவு 24-ஆம் தேதிக்குள். நேர்காணல் அக்டோபர் 6, 7. ஆயுத பூஜை விடுமுறை கழித்துப் போட்டிருந்தார்கள். முதலில் தேர்வானவருக்கு 9-ஆம் தேதி தகவல். அவர் 13-க்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாதவர்களுக்கும் சேர்த்து எல்லோருக்கும் முடிவு 17-க்குள். வேலையில் சேருவது தீபாவளி முடிந்து நவம்பர் 3.

இதில் நான் மெச்சியது அந்த 9, 13, 17 ஆகிய மூன்று தேதிகளைத்தான். வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் இது. நேர்காணல் முடிந்த அன்று மாலையே யார் முதல், யார் இரண்டாவது என்று பெரும்பாலும் உள்ளே முடிவாகிவிடும். பிறகு சம்பளத்துக்கு மேலே கையெழுத்து வாங்கி, முதல் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர் வேறு இடத்தில் இதே வேலைக்குப் பேசிக்கொண்டிருப்பார். 'யோசித்துச் சொல்கிறேன் சார்' என்பார். அவர் மறுத்துவிட்டால் இரண்டாவது ஆள் வேண்டுமே! அதனால் இரண்டாவது, மூன்றாவது ஆட்களுக்கு 'இல்லை' என்றும் சொல்லாமல், 'உண்டு' என்றும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். அந்த மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்தக் கம்பெனி இதை மூடி மறைக்காமல், காத்திருப்போர் பட்டியல் ஒன்று உண்டு, அது 17-ஆம் தேதியோடு முடியும் என்று எழுதியே விட்டது.

'தேதி கொடுத்தால் மாட்டிக்கொள்வோம்' என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். மாட்டிக்கொள்வது யார் தெரியுமா? யாரையும் கேட்காமல் தன் மேஜையில் உட்கார்ந்து தேதி போடுகிறவர்தான். கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் அந்த வாரம் வெளியூரில் இருந்தால் அட்டவணை அதோடு போயிற்று. வேலையில் சேர வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பானவரிடம் 'அன்றைக்கு இருப்பீர்களா?' என்று கேட்டு, இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்துப் போட்டால் பெரும்பாலும் நிற்கும். அப்படியும் தள்ளிப்போனால், சொன்ன தேதி வருவதற்கு முதல் நாளே புதுத் தேதியோடு ஒரு வரி அனுப்பிவிட வேண்டும். தேதி கடந்தபின் அனுப்பும் மன்னிப்புக் கடிதத்தால் யாருக்கு என்ன லாபம்?

செய்தியைப் பெறுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நவம்பர் 3 சேரும் நாள் என்று போட்டிருப்பது வேலை உறுதி என்று அர்த்தமாகாது. பணி ஆணை கைக்கு வருவதற்கு முன்னால் இருக்கிற வேலையை ராஜினாமா செய்யக் கூடாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டுமென்றால், அக்டோபர் 17-க்கும் நவம்பர் 3-க்கும் நடுவில் நாள் போதாது. அதை நேர்காணலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நண்பரின் மகளுக்கு 9-ஆம் தேதி தகவல் வரவில்லை. அப்படியானால் முதல் இடம் தனக்கில்லை என்று அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். ஊரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். 10-ஆம் தேதிக்குள் பதில் கேட்டிருந்தார்கள். 'சார், ஒரு வாரம் டயம் கொடுங்கள், 18-ஆம் தேதி காலையில் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்' என்று தேதியோடு கேட்டாள். அவர் சம்மதித்தார். கம்பெனியின் 'இல்லை' 16-ஆம் தேதி வந்தது. மறுநாளே ஆடிட்டருக்குப் போன் செய்துவிட்டாள்.