ஒளிப்படம் என்னும் சாட்சி

பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுது. ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை நடத்தும் வணிகர் தம் கடையைத் திறக்கிறார். முழங்கால் அளவு நின்ற வெள்ளம் வடிந்து, சுவரில் ஒரு பழுப்புக் கோட்டை விட்டுச் சென்றிருக்கிறது. குளிர்பதனப் பெட்டி பழுதாகிவிட்டது. தரையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் நனைந்து ஊறிப்போயின. நல்லவேளையாகக் கடைக்குக் காப்பீடு உண்டு. வெள்ளத்தால் நேரும் இழப்பும் அதில் அடங்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர் தொலைபேசியில் தகவல் தருகிறார். சேதத்தைப் படமெடுத்து அனுப்பும்படி நிறுவனம் கேட்கிறது.

இது கற்பனையாக அமைத்துக்கொண்ட நிகழ்வே. ஆனால், ஒரு படத்தை மாற்றுவது எப்போது தவறு, எப்போது குற்றம் என்னும் வினாவை ஆராய இதுவே போதுமானது.

வணிகர் கடையில் நனைந்தவை 4 மூட்டைகள் என்று கொள்வோம். 25 கிலோ மூட்டை ஒன்றின் விலை 1,400 ரூபாய் எனில், அரிசியின் இழப்பு 5,600 ரூபாய். குளிர்பதனப் பெட்டியின் இழப்பு 18,000 ரூபாய். ஆக, மெய்யான இழப்பு 23,600 ரூபாய். உறவினர் ஒருவர் கைப்பேசியிலுள்ள படத்திருத்தச் செயலியைக்கொண்டு 4 மூட்டைகளை 9 ஆக்கித் தருகிறார். மேல்தட்டில் நனையாமல் இருந்த பொருள்களையும் படத்திலிருந்து அழித்துவிடுகிறார். கோரிக்கைத் தொகை 30,600 ரூபாயாக உயர்கிறது. கூடுதலாகக் கிடைக்கவிருப்பது 7,000 ரூபாய்.

"ஒரு படத்தைத்தானே மாற்றினோம்? இது குற்றமா?" என்று அவ்வுறவினர் கேட்கக்கூடும். படத்தைத் திருத்துவது தன்னளவில் குற்றமன்று. திருமண அழைப்பிதழுக்காகவோ சுவரொட்டிக்காகவோ எவரும் தம் படத்தை விரும்பியவாறு மாற்றலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பப்படும் படம் அழகுக்காக அனுப்பப்படுவதன்று. "என் கடையில் நடந்தது இது, இதை நம்பிப் பணம் தருக" என்னும் கூற்று அப்படத்தில் அடங்கியிருக்கிறது. அதைப் பெறுபவர் கடையை நேரில் கண்டவரல்லர். அவருடைய கண்ணுக்கு மாற்றாக அப்படம் நிற்கிறது. எனவே அதில் ஒரு பொருளைச் சேர்ப்பது பொய்ச்சாட்சி சொல்வதற்கு நிகராகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலை வரையறுக்கிறது. ஒருவரை ஏமாற்றி, நேர்மையற்ற நோக்கத்துடன் அவரைத் தூண்டி, அவரிடமிருந்து பொருளைப் பெறுவது அதன் சாரம். இவ்வாறு பொருளைக் கொடுக்கச் செய்பவருக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. உண்மைகளை நேர்மையற்ற முறையில் மறைப்பதும் ஏமாற்றுதலே என்று அப்பிரிவின் விளக்கம் கூறுவது ஆழ்ந்து நோக்கத்தக்கது. இல்லாத 5 மூட்டைகளைச் சேர்த்தது ஒரு பொய் என்றால், இருந்த பொருள்களை அழித்தது மற்றொரு பொய். சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை. பணம் கைக்கு வரும் முன்பே பிடிபட்டாலும் அவர் தப்பிவிட முடியாது. குற்ற முயற்சியைத் தண்டிக்க அச்சட்டத்தில் 62ஆம் பிரிவு உள்ளது.

சிறைத் தண்டனைக்கு முன்பாகவே வணிகரைத் தாக்கும் இழப்பு வேறொன்று உண்டு. இந்தியத் தீக்காப்பீட்டு ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக ஒரு நிபந்தனை இடம்பெற்று வருகிறது. கோரிக்கை எவ்வகையிலேனும் மோசடியானதாக இருந்தாலோ, அதற்கு ஆதரவாகப் பொய்யான உறுதிமொழியோ மோசடியான வழிமுறையோ கையாளப்பட்டாலோ, ஒப்பந்தத்தின் பயன்கள் அனைத்தும் இழக்கப்படும் என்பதே அது. மிகையாகக் கேட்ட 7,000 ரூபாயை மட்டும் கழித்துவிட்டு மீதியை வழங்கும் ஏற்பாடு அன்று இது. மெய்யாக இழந்த 23,600 ரூபாயும் கைநழுவுகிறது.

பொய் எவ்வாறு வெளிப்படுகிறது? இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் படத்தைப் படத்தோடு ஒப்பிடுகிறார். 4 மூட்டைகளை நகலெடுத்து 9 ஆக்கினால், ஒரே வடிவக் கறை இரண்டு மூட்டைகளில் தோன்றும். கயிற்றின் முடிச்சும் ஒன்றுபோலவே இருக்கும். சுவரிலுள்ள வெள்ளக்கோடு ஓர் உயரத்திலும், சேர்க்கப்பட்ட மூட்டையின் ஈரக்கோடு வேறோர் உயரத்திலும் நிற்கும். கதவு வழியே வரும் ஒளி இடப்பக்கம் நிழலை வீழ்த்த, ஒட்டப்பட்ட மூட்டையின் நிழல் வலப்பக்கம் விழும். படக்கோப்பினுள் எடுத்த நாள், நேரம், பயன்படுத்திய மென்பொருள் ஆகிய குறிப்புகள் பதிந்திருக்கவும் கூடும்.

ஆயினும், இத்தடயங்களை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு. செய்திச் செயலிகள் வழியே அனுப்பப்படும் படங்களில் அக்குறிப்புகள் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆகவே, அவை இல்லாமை மோசடிக்குச் சான்றாகாது. திருத்தச் செயலியின் பெயர் கோப்பில் காணப்படுவதும் குற்றத்தை மெய்ப்பிக்காது. படத்தின் அளவைக் குறைப்பதற்காக மட்டும் ஒருவர் அதைத் திறந்திருக்கலாம். எனவே, தேர்ந்த சர்வேயர் படத்துக்கு வெளியேயும் தேடுகிறார். கொள்முதல் பட்டியல்கள் எத்தனை மூட்டைகள் வந்ததாகக் காட்டுகின்றன? விற்பனைக் கணக்கு என்ன சொல்கிறது? நனைந்த அரிசி இப்போது எங்கே இருக்கிறது? 9 மூட்டைகள் நனைந்தன என்றால் 9 மூட்டைகளையும் காட்ட வேண்டும். படத்தில் பிறந்த மூட்டைகளுக்குப் பட்டியலும் இல்லை, எடையும் இல்லை.

இனி, இதே நிகழ்வைச் சற்று மாற்றிப் பார்ப்போம். மெய்யாகவே 9 மூட்டைகள் நனைந்தன. ஆனால், நாற்றம் தாளாமல் 5 மூட்டைகளை வணிகர் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதன் பிறகே படமெடுக்கும் எண்ணம் தோன்றியது. படத்தில் 4 மூட்டைகளே உள்ளன. "உண்மையில் இருந்ததைத்தானே மீண்டும் வைக்கிறோம்" என்று கருதி 5 மூட்டைகளைச் சேர்க்கிறார். கோரிக்கை உண்மை, சான்று பொய். இதுவும் மோசடியா?

இவ்வினா நீதிமன்றங்களையே பிரித்திருக்கிறது. 2016ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், எந்திர அறையில் நீர் புகுந்த கப்பல் ஒன்றின் வழக்கை ஆராய்ந்தது. இழப்பு உண்மையானது. ஆனால், கோரிக்கையை விரைந்து முடிக்க எண்ணிய கப்பல் உரிமையாளர் தரப்பு, எச்சரிக்கை மணி பற்றிப் பொய்யான விவரம் ஒன்றைத் தந்தது. உரிமையைப் பாதிக்காத அத்தகைய பொய்யால் உண்மையான கோரிக்கை அழிந்துவிடாது என்று நீதிபதிகள் நால்வர் கூறினர், ஒருவர் உடன்படவில்லை. அத்தீர்ப்பு அந்நாட்டுக்குரியது. இந்திய ஒப்பந்தத்தில் மோசடியான வழிமுறையே பயன்களை அழிக்கும் என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்போது, நம் வணிகர் அத்தீர்ப்பை நம்பியிருக்க இயலாது. தமக்கு உரியதையே கேட்டார் என்பதால், குற்றவியல் வழக்கில் அவருடைய தீய நோக்கத்தை மெய்ப்பிப்பது கடினமாகலாம். ஆனால், தொகையை மறுப்பதற்கான காரணத்தை அவரே நிறுவனத்தின் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இங்கே வருந்தத்தக்கது ஒன்று உண்டு. அவருக்கு அப்பொய் தேவைப்படவே இல்லை. 4 மூட்டைகளைக் காட்டும் மெய்ப்படமும், 9 மூட்டைகளுக்கான கொள்முதல் பட்டியலும், ஐந்தைக் குப்பையில் இட்டதற்கான விளக்கமும், அதைக் கண்ட அண்டைக் கடைக்காரரின் வாக்குமூலமும் அவரிடம் இருந்தன அல்லது கிடைத்திருக்கும். சர்வேயர் சில கேள்விகள் கேட்டிருப்பார். ஒருவேளை சிறிது தொகையைக் குறைத்திருப்பார். பொய்ப்படம் கலந்த பின்னரோ, மெய்யான பட்டியலும் ஐயத்துக்கு உள்ளாகிறது. ஒரு பொய்ச்சான்று அருகிலிருக்கும் மெய்ச்சான்றுகளின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறது.

தேர்வு விண்ணப்பங்களுக்கும் அரசு விண்ணப்பங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். படத்தில் விண்ணப்பதாரரின் பெயரும் படமெடுத்த நாளும் இடம்பெற வேண்டும் எனச் சில தேர்வு அமைப்புகள் கேட்கின்றன. தேர்வறையில் அமர்ந்திருப்பவரின் இன்றைய முகத்தோடு ஒப்பிடத்தக்க அண்மைப் படம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். மூன்றாண்டுக்கு முந்தைய படத்தில் நேற்றைய நாளை எழுதி ஒட்டுபவர், முகத்தைத் தொடவில்லை என்றாலும், எதை அறிவதற்காகப் படம் கேட்கப்பட்டதோ அதையே பொய்யாக்குகிறார். ஆள்மாறாட்டத்துக்கு இடமளிக்கும் நோக்கம் இல்லாவிடினும், விண்ணப்பம் தள்ளுபடியாக அதுவே போதுமான காரணமாகலாம். ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் கட்டுமானம் எந்நிலையை எட்டியுள்ளது என்பதை இடக்குறியுடன் கூடிய படங்களைக்கொண்டு சரிபார்த்தே தவணைத்தொகை விடுவிக்கப்படுகிறது. எழாத சுவரைப் படத்தில் எழுப்புபவர் பொதுப்பணத்தைப் பெறுவதற்காகப் பொய் சொல்கிறார்.

அப்படியானால் எதையும் தொடவே கூடாதா? படத்தை நேராகத் திருப்புதல், விண்ணப்பத் தளம் கேட்கும் கிலோபைட் அளவுக்குச் சுருக்குதல் போன்றவை படத்திலுள்ள உண்மையை மாற்றுவதில்லை. ஓரங்களை வெட்டுதலோ அவ்வளவு எளிதன்று. வெற்றுச் சுவரை வெட்டினால் தீங்கில்லை. நனையாத பொருள்கள் உள்ள தட்டை வெட்டினால் அது மறைத்தலாகும். செயலியில் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது அளவுகோல் ஆகாது. "நான் செய்த மாற்றத்தை அறிந்தால், படத்தைப் பெறுபவர் வேறு முடிவெடுப்பாரா?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஆம் எனில், அம்மாற்றத்தை அவரிடமிருந்து மறைத்து அனுப்பக்கூடாது. மூலப்படத்தைத் தொடாமல் காத்து, படியொன்றில் மட்டும் தேவையான மாற்றம் செய்து, அதை வெளிப்படையாகக் குறிப்பிடுவோர்க்கு அஞ்ச வேண்டுவது ஏதுமில்லை.

இப்பொய்களின் விலையைப் பொய்யர் மட்டும் செலுத்துவதில்லை. படத்தை நம்ப முடியாதபோது நிறுவனம் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். அதுவரை, அடுத்த தெருவில் மெய்யாகவே அனைத்தும் நனைந்துபோன வேறொரு கடைக்காரர், ஈர மூட்டைகளை அகற்றவும் முடியாமல், கடையைத் திறக்கவும் முடியாமல் காத்திருக்கிறார். ஒருவர் படத்தில் கூட்டிய 5 மூட்டைகளின் சுமை இறுதியில் அவர் தோள்மீது ஏறுகிறது.