மாநாட்டுக்கு பிளேசர் எதுக்கு?

தர்மபுரியில் இரவு பஸ் ஏறி, காலையில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குப் போறீங்களா? 2024 ஜனவரியில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு நடந்த இடம் அது. இப்படி ஒரு மாநாடு என்றதும் பலரும் முதலில் தேடுவது பிளேசரைத்தான். என்னைக் கேட்டால், அது வேண்டாம்.

காரணம் வியர்வை. வெளியே வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் உடை நனைஞ்சிடும். அரங்கத்து ஏசியில் அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். நடுக்கம் வருவது அதனால்தான். கனமான பிளேசரோடு நடந்தால் வியர்வையும் கூடும், பிறகு குளிரும் கூடும்.

அதற்குப் பதில், பையில் ஒரு மாற்று பனியனோ ஸ்லிப்போ வையுங்க. உள்ளே போனதும் ஈரமானதை மாற்றிட்டு, மேலே முன்பக்கம் திறக்கிற மெல்லிய கார்டிகன் போடுங்க. நடக்கும்போது கழற்றிடலாம்.

பேட்ஜ் எப்பவும் கார்டிகனுக்கும் துப்பட்டாவுக்கும் மேலே தொங்கணும். ஒவ்வொரு வாசலிலும் அதைக் கேட்பாங்க. ஒற்றைக் கொக்கி என்றால் அட்டை திரும்பிக்கொள்ளும். பின்பக்கமும் பேரை எழுதிடுங்க.

புது ஷூ மட்டும் அன்றைக்கு வேண்டாம். நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் கால் லேசாக வீங்கும். காலையில் சரியாக இருந்த ஷூ அப்போது கடிக்கும். அதனால் ஷூவை மாலையில் வாங்கி, ஒரு வாரம் போட்டுப் பழகிட்டு பஸ் ஏறுங்க.