திரும்பி வரும் பார்சலுக்கு யார் காசு கட்டுவது?

புதுக்குடியிருப்புப் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தவர். கடை போட முதல் இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகவும் முடியாது. அதனால்தான் ஒரு ஆடை நிறுவனத்தின் ‘ரீசெலர்’ ஆனார். நிறுவனம் அனுப்பும் படங்களை வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போட வேண்டும், ஓடர் வந்தால் விபரத்தைக் கொடுக்க வேண்டும், பொருளை அவர்களே கூரியரில் அனுப்புவார்கள், விற்றால் கொமிசன். சேர்வதற்கு 7,500 ரூபாய் கட்டினார். அது மகளின் ரியூசனுக்கு வைத்திருந்த காசு.

"தம்பி, மாசம் இருபது ஓடர் எடுக்கிறன். கையில காசு நிக்குதில்லை. எங்க பிழைக்குது எண்டு பாருங்கோ" என்று தன் கொப்பியைத் தந்தார். இருவரும் இருந்து கணக்குப் பார்த்தோம்.

ஒரு சுடிதாருக்கு அவருக்குக் கிடைப்பது 400 ரூபாய். இருபது ஓடருக்கு 8,000 என்று விளம்பரம் சொல்கிறது. ஆனால் இங்கே பெரும்பாலும் பார்சல் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். கொழும்பிலிருந்து வர நாலைந்து நாள் ஆகும்போது, ஓடர் போட்டவரின் கையில் அன்றைக்குக் காசு இருக்காது, அல்லது மனம் மாறியிருக்கும், அல்லது போனை எடுக்கமாட்டார். இருபதில் ஆறு திரும்பிப் போயிருந்தன. திரும்பும் ஒவ்வொரு பார்சலுக்கும் போக வரக் கூரியர் செலவு என்று 450 ரூபாயை நிறுவனம் அவருடைய கொமிசனில் கழித்திருந்தது. சேரும்போது இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

விற்ற பதினான்குக்கு 5,600 ரூபாய். திரும்பிய ஆறுக்கு 2,700 ரூபாய் போனால் மிச்சம் 2,900. டேட்டாவுக்கு 1,000 ரூபாய் போகக் கையில் நிற்பது 1,900. கட்டிய 7,500 ரூபாயை மீட்கவே ஏறக்குறைய நாலு மாதம் வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் "சைஸ் இருக்கா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் எழுதும் உழைப்பு இந்தக் கணக்கில் இல்லை.

எனவே கொமிசன் எத்தனை வீதம் என்பது என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான். திரும்பும் பார்சலின் செலவு யாருடையது என்பதே முதற் கேள்வி. அதை வாயால் கேட்டு விடக்கூடாது, எழுத்தில் வாங்க வேண்டும். செலவை நிறுவனமே ஏற்றால் 300 ரூபாய் கொமிசன்கூட அக்காவின் 400 ரூபாயை விட நல்லது. அதே பொருளை நிறுவனம் தன் சொந்தப் பக்கத்தில் என்ன விலைக்கு விற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அக்கா விற்ற சுடிதார் ஒன்று அங்கே மலிவு விற்பனையில் 300 ரூபாய் குறைவாகக் கிடந்தது. அவருக்கு அறிவிக்கவே இல்லை. திரும்பிய ஆறில் இரண்டு அதனால்தான் திரும்பின என்று அவர் நினைக்கிறார்.

கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று குழுவில் கேட்டபோது அவருக்குக் கிடைத்த பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. "உங்களுக்குக் கீழ மூண்டு பேரைச் சேருங்கோ. ஒராளுக்கு 1,500 ரூபாய் தருவம்." ஒரு சுடிதாருக்கு 400, ஒரு ஆளுக்கு 1,500. அந்த 1,500 புதிதாகச் சேர்பவர் கட்டும் 7,500 ரூபாயிலிருந்துதான் வருகிறது. சுடிதார் வாங்கியவர் எவரும் அதைக் கொடுக்கவில்லை. நான் யாரையும் சேர்க்காமல் பொருளை மட்டும் விற்றால் கட்டிய காசு எத்தனை மாதத்தில் மீளும் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அங்கே விற்கப்படுவது உடுப்பு அல்ல, அங்கத்துவம்.

ஆள் சேர்ப்பதிலிருந்தே வருமானம் வரும் பிரமிட் திட்டங்களை 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்கிறது. நடத்துபவர் மட்டுமல்ல, ஆள் சேர்த்துக் கொடுப்பவரும் சிக்கலாம். தடைசெய்யப்பட்ட திட்டங்கள் எனச் சில பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. அதில் பெயர் இல்லை என்பது நல்ல நிறுவனம் என்பதற்குச் சான்று ஆகாது. எங்கள் ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேர்க்கப்படுபவர் மச்சாளாகவோ, அதே மாதர் சங்கத்து ஆளாகவோ இருப்பார். காசு போனால் முகத்தில் விழிக்க வேண்டியது அந்த நிறுவனம் அல்ல.

அக்கா யாரையும் சேர்க்கவில்லை. "நானே விழுந்த கிடங்குக்க இன்னொருத்தியை எப்பிடித் தள்ளுறது?" என்றார். அதற்குப் பதிலாக, ஓடர் போடுபவரிடம் 300 ரூபாய் முற்பணம் கேட்கத் தொடங்கினார். அடுத்த மாதம் ஓடர்கள் பதினொன்றாகக் குறைந்தன. திரும்பியது ஒன்றே ஒன்று. அதற்கு வாங்கியிருந்த முற்பணத்தைச் சேர்க்காமலே 3,550 ரூபாய் நின்றது. இருபது ஓடர் எடுத்த மாதத்தை விட 650 ரூபாய் அதிகம். இப்போது சேர்வதற்குக் காசு கேட்காத, திரும்பும் செலவைத் தானே ஏற்கும் வேறொரு நிறுவனத்தின் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விற்கத் தொடங்க முன்னர் தங்கையின் பெயரில் ஒரு சுடிதார் ஓடர் போட்டிருக்கிறார், துணி எப்படி, எத்தனை நாளில் வருகிறது என்று பார்க்க.